ரெட்ரோவில் பேசியது எங்கே போகிறது?

மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் மகனோ மகளோ உள்ள வீடுகளில் "இன்னிக்கு ரெட்ரோ இருக்கு, வர லேட்டாகும்" என்ற பேச்சு காதில் விழுந்திருக்கும். ஸ்கிரம் என்ற முறையைப் பின்பற்றும் அணிகள் வேலையைச் சிறு தவணைகளாகப் பிரித்துக்கொள்கின்றன. ஒரு தவணைக்கு ஸ்பிரிண்ட் என்று பெயர். அதிகபட்சம் ஒரு மாதம் இருக்கலாம். நம் ஊர் அலுவலகங்களில் பெரும்பாலும் இரண்டு வாரம். அந்தத் தவணை முடியும்போது அணியினர் கூடி உட்கார்ந்து, செய்த பொருளைப் பற்றி அல்லாமல் தாங்கள் வேலை செய்த விதத்தைப் பற்றிப் பேசுவதுதான் ரெட்ரோஸ்பெக்டிவ், சுருக்கமாக ரெட்ரோ. ஸ்கிரம் முறையை வகுத்த கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லாண்டும் எழுதிய வழிகாட்டி, ஒரு மாத ஸ்பிரிண்டுக்கு இந்தக் கூட்டம் 3 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. இரண்டு வார ஸ்பிரிண்ட் என்றால் ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

அந்த நேரத்தில் நன்றாகவே பேசுகிறார்கள். மனதில் இருப்பதைக் கொட்டுகிறார்கள். ஆனால் இரண்டு வாரம் கழித்து அதே குறை, அதே வார்த்தைகளில் மறுபடியும் வருகிறது. ஐந்தாறு ரெட்ரோ இப்படிப் போனபின் "பேசி என்ன ஆகப் போகுது" என்று ஆட்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். இதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் மிக எளிதாகச் சரிசெய்யக்கூடியது கூட்டக் குறிப்பு. பேசியதை "எது நன்றாகப் போனது, எது வலித்தது, யார் என்ன செய்வதாக ஒப்புக்கொண்டார்" என்று மூன்றாகப் பிரித்து எழுதுவது சின்ன வேலைபோலத் தெரியும். அந்தப் பிரிப்பில்தான் பல ரெட்ரோக்கள் வீணாகின்றன.

ஓர் அணியை உதாரணத்துக்கு உருவாக்கிக்கொள்வோம். சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் ஏழு பேர். பஸ் டிக்கெட் பதிவு செய்யும் ஆப் அவர்களுடையது. சர்வர் பக்கத்தைப் பார்க்கும் மூத்த டெவலப்பர் ஒரு பெண், அவருக்குக் கீழே இளையவர் ஒருவர், ஆப் பக்கம் இருவர், டெஸ்டர் ஒருவர், எதைச் செய்ய வேண்டும் என்று முடிவெடுக்கும் ப்ராடக்ட் ஓனர், கூட்டங்களை நடத்தித்தரும் ஸ்கிரம் மாஸ்டர். இந்த ஸ்பிரிண்டின் இலக்கு, பயணி ஆப்பிலேயே டிக்கெட்டை ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெறுவது. நான்கு இருக்கை பதிவு செய்தவர் ஒன்றை மட்டும் ரத்து செய்யவும் முடிய வேண்டும். ஸ்பிரிண்ட் ஒரு புதன்கிழமை தொடங்கி, இரண்டாவது செவ்வாய்க்கிழமை ரெட்ரோவோடு முடிகிறது. அங்கே பேசப்பட்டவற்றில் சில வரிகள், பேசியபடியே:

"ரீஃபண்ட் ஸ்கிரீன் நினைச்சதைவிட சீக்கிரமே முடிஞ்சிடுச்சு. ஏபிஐ எப்படி வரும்னு முதல் நாளே உட்கார்ந்து பேசினதாலதான்."

"ஸ்டேஜிங் மறுபடியும் புதன்கிழமை படுத்துடுச்சு. எனக்கு ஒன்றரை நாள் போச்சு. யாருமே கண்டுக்கல."

"சனிக்கிழமை ராத்திரி பக் வந்தப்ப அக்கா மட்டும் இல்லன்னா நாம காலி. ரெண்டு மணி வரைக்கும் உட்கார்ந்து சரி பண்ணாங்க, செம!"

"ரிவியூவுக்குப் போட்டா ரெண்டு நாள் அப்படியே கிடக்கு. அதைச் சீக்கிரம் பண்ணணும்." "ஆமா, பண்ணணும்."

"கேன்சலேஷன் சார்ஜ் ரூல் நடுவுல மாறினதுதான் எல்லாத்துக்கும் காரணம்." "அது மாறவே இல்லயே, முதல்லயே ஸ்டோரில இருந்துச்சு."

"ஸ்டேஜிங் விஷயமா நான் இன்ஃப்ரா டீம்கிட்ட பேசறேன். வர்ற வெள்ளிக்குள்ள."

குறிப்பெடுப்பவர் முதலில் செய்ய வேண்டியது, மேலே உள்ளதுபோல் பேச்சைப் பேச்சாகவே எழுதுவது. பேசும்போதே மூன்று கட்டங்களில் பிரித்துப் போட முயன்றால் கை வேகமாக ஓடும், காது பின்தங்கும்; "ஸ்டேஜிங் பிரச்சினை" என்ற இரண்டு சொல் மட்டும் தாளில் மிஞ்சும். ஒன்றரை நாள் போனதும், யாரும் கண்டுகொள்ளவில்லை என்ற வருத்தமும் காணாமல் போய்விடும். பிரிக்கும் வேலை, பேச்சு ஓய்ந்த பிறகு கூட்டத்தின் கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடங்களில், எல்லோர் கண்முன்னும் திரையில் நடக்க வேண்டும்.

பிரிக்கும்போது தெரியவரும் முதல் உண்மை, ஒரு வாக்கியம் ஒரு கட்டத்துக்குள் அடங்காது என்பதே. டெஸ்டர் சொன்னதைப் பாருங்கள். ஸ்டேஜிங் என்பது, பொதுமக்களுக்குப் போகும் முன் ஆப்பைச் சோதித்துப் பார்க்க வைத்திருக்கும் நகல் சர்வர். அது புதன்கிழமை நின்றது ஒரு நிகழ்வு. ஒன்றரை நாள் போனது அதன் விளைவு. யாரும் கண்டுகொள்ளவில்லை என்பது அவர் பட்ட உணர்வு. மூன்றுமே "வலித்தது" பக்கத்துக்குத்தான் போகும், ஆனால் மூன்றாக. உணர்வை நிகழ்வுபோல "யாரும் உதவவில்லை" என்று எழுதினால், அன்றைக்கு உதவ முயன்ற ஒருவர் இருந்திருந்தால் அவர் புண்படுவார். இது வெறும் உணர்வுதானே என்று அடித்துவிட்டால் டெஸ்டர் அடுத்த முறை வாய் திறக்க மாட்டார். "சர்வர் நின்றபோது தனியாக விடப்பட்டதாகத் தோன்றியது" என்று எழுதினால் சொன்னவருக்கும் நியாயம், மற்றவர்களுக்கும் நியாயம்.

பாராட்டு வாக்கியங்களில் இன்னும் கவனம் வேண்டும். இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்து மூத்த டெவலப்பர் பிழையைச் சரிசெய்தது பெருமைதான். சொன்னவர் குரலிலும் நன்றி இருந்தது. பெரும்பாலான குறிப்பெடுப்பவர்கள் அதை "நன்றாகப் போனது" பக்கத்தில் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். இந்த மாதிரிக் குறிப்புகளில் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். ஒருவரின் தூக்கத்தைக் கொண்டு ஒரு தவறு மூடப்பட்டிருக்கிறது. அந்தப் பிழை ஏன் சனிக்கிழமை இரவு பயணிகள் கைக்குப் போனது, அவர் ஊரில் இல்லாதிருந்தால் யார் பார்த்திருப்பார்கள் என்ற இரண்டு கேள்விகள் அந்தப் பாராட்டுக்குள் ஒளிந்திருக்கின்றன. எனவே இந்த வரி இரண்டு பக்கமும் போக வேண்டும். ஒரு பக்கம் நன்றியாக: பிழை அன்றிரவே சரியானது. மறுபக்கம் வலியாக: விடுமுறை நாளில் அழைத்தால் எடுக்க ஒரே ஒருவர்தான் இருக்கிறார். "அவர் இல்லன்னா", "கடைசி நேரத்துல", "ராத்திரி உட்கார்ந்து" போன்ற சொற்கள் பாராட்டில் வரும்போதெல்லாம் ஒரு வலி கூடவே வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

"நன்றாகப் போனது" பக்கத்தின் தொல்லை வேறு விதம். "நல்ல டீம் வொர்க்" என்று எழுதி முடித்துவிடுவார்கள். அதைப் படித்து அடுத்த ஸ்பிரிண்டில் யாரும் எதையும் மறுபடி செய்ய முடியாது. ஆப் பக்கத்து டெவலப்பர் சொன்ன வரியில் காரணமும் இருந்தது. ஏபிஐ என்பது ஆப்பும் சர்வரும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ஒப்பந்தம் மாதிரி. எந்த விவரம் எந்தப் பெயரில் வரும், திரும்பத் தரும் தொகை ரூபாயில் வருமா பைசாவில் வருமா, ரத்து ஏற்கப்படாவிட்டால் என்ன பதில் வரும் என்பதையெல்லாம் அது சொல்லும். இதை முதல் நாளே இரு தரப்பும் எழுதிவைத்துக்கொண்டதால், சர்வர் வேலை முடியும்வரை ஆப் பக்கத்தார் காத்திருக்கவில்லை. அந்தக் காரணத்தோடு எழுதினால்தான் அது குறிப்பு. சொன்னவர் காரணம் சொல்லாவிட்டால், கூட்டத்திலேயே "எதனால நல்லா போச்சு?" என்று கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது சண்டை. கட்டண விதி நடுவில் மாறியது என்கிறார் ஒருவர், மாறவில்லை என்கிறார் ப்ராடக்ட் ஓனர். குறிப்பெடுப்பவர் இதில் நீதிபதி ஆகக்கூடாது. குரல் உயர்ந்த பக்கத்தை உண்மை என்று எழுதவும் கூடாது. பதிவைப் பார்த்துத் தீர்க்க முடிந்ததை அங்கேயே தீர்த்துவிடலாம். வேலைகளை எழுதிவைக்கும் மென்பொருள்களில், ஒரு ஸ்டோரியில், அதாவது ஒரு பணிக்குறிப்பில், யார் எந்தத் தேதியில் எதைத் திருத்தினார் என்ற வரலாறு இருக்கும். நம் உதாரணத்தில் அதைத் திறந்து பார்க்கிறார்கள். முழு டிக்கெட்டை ரத்து செய்வதற்கான கட்டணம் முதலிலிருந்தே இருக்கிறது. நான்கில் ஒன்றை ரத்து செய்தால் எவ்வளவு என்ற வரி முதல் திங்கட்கிழமைதான் சேர்க்கப்பட்டிருக்கிறது. இருவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. குறிப்பில் இப்படிப் பதிவாகிறது: "பகுதி ரத்துக்கான கட்டணம் ஸ்பிரிண்டின் பாதியில்தான் தெளிவானது." பதிவு இல்லாத விஷயமாக இருந்தால் இரண்டு கருத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, "ஒருமித்த கருத்து இல்லை" என்று விட்டுவிட வேண்டும்.

"அதுதான் எல்லாத்துக்கும் காரணம்" என்ற பாதியை என்ன செய்வது? அது ஓர் ஊகம். ஊகத்தைச் சோதிக்க எளிய வழி, வலிகளைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்ப்பது. 2006இல் வெளிவந்த தங்கள் ரெட்ரோ நூலில் எஸ்தர் டெர்பியும் டயானா லார்சனும் இந்தக் காலவரிசைப் பயிற்சியைப் பரிந்துரைக்கிறார்கள். நம் அணி அடுக்கிப் பார்த்தால்: முதல் திங்கள், பகுதி ரத்துக் கட்டணம் தெளிவாகிறது. அதற்கான நிரல் எழுதப்பட்டு ரிவியூவுக்காகக் காத்திருக்கிறது. புதன், ஸ்டேஜிங் நிற்கிறது. வியாழன் மதியம்தான் திரும்ப வருகிறது. வெள்ளி, வெளியீடு. சனி இரவு, நான்கில் ஓர் இருக்கையை ரத்து செய்தவருக்கு நான்கு இருக்கைக்கான பணமும் திரும்பிப் போகிறது. விதி தாமதமானது, ரிவியூ கிடந்தது, சர்வர் நின்றது மூன்றும் சேர்ந்து சோதிக்கும் நேரத்தைத் தின்றிருக்கின்றன. இந்தத் தொடர்பைக் குறிப்பெடுப்பவர் தானாக எழுதிவிடக்கூடாது. திரையில் காட்டி "இப்படித்தானா?" என்று கேட்க வேண்டும். அணி ஆமோதித்தால் மட்டுமே அது குறிப்பில் ஏறும்.

இனி மூன்றாவது பக்கம். இதில் ஏறுவதற்கு ஒரே தகுதி, அறையில் இருந்த ஒருவர் "நான் பண்றேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். "ரிவியூவைச் சீக்கிரம் பண்ணணும்", "ஆமா, பண்ணணும்" என்ற பேச்சில் விருப்பம் இருக்கிறது, சம்மதம்கூட இருக்கிறது, செய்கிறவர் இல்லை. பண்ணணும், பண்ணலாம், பார்க்கலாம் என்று முடிகிற வரிகள் எவ்வளவு பலமாகச் சொல்லப்பட்டாலும் இரண்டாம் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அவற்றை மூன்றாம் பக்கத்துக்கு நகர்த்தி, பொறுப்பு என்ற இடத்தில் "டீம்" என்று போடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அடுத்த ரெட்ரோவில் அதைப் பற்றிக் கேட்க யாருமே இல்லாமல் போவதற்கு அந்த ஒரு சொல் போதும்.

குறிப்பெடுப்பவருக்கு இங்கே ஒரு சபலம் வரும். சர்வர் விஷயம் என்றால் மூத்த டெவலப்பர்தானே பார்ப்பார் என்று அவர் பெயரைப் போட்டுவிடத் தோன்றும். அவர் ஒப்புக்கொள்ளாத வேலை அது. மின்னஞ்சலில் தன் பெயரைப் பார்த்து அவர் அதிர்ந்தால், அதற்குப் பிறகு அந்தக் குறிப்பையே யாரும் நம்ப மாட்டார்கள். வேறு அணியில் இருப்பவரையும் பொறுப்பாளராகப் போட முடியாது. ஸ்டேஜிங் சர்வரைப் பராமரிப்பது இன்ஃப்ரா டீம் என்றாலும், அவர்கள் இந்த அறையில் இல்லை. அவர்களிடம் பேசுவது என்ற செயலுக்கு இங்கிருந்து ஒருவர்தான் பொறுப்பு. நம் உதாரணத்தில் ஸ்கிரம் மாஸ்டர் தானாகவே அதை எடுத்துக்கொண்டார். இருவர் சேர்ந்து செய்வதாகச் சொன்னால், பதில் சொல்ல ஒருவர், உதவிக்கு ஒருவர் என்று கேட்டு எழுத வேண்டும்.

எனவே கூட்டம் கலையும் முன் ஸ்கிரம் மாஸ்டர் ஒவ்வொரு வலியையும் படித்து "இதை யார் எடுத்துக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். அந்த மௌனம் சங்கடமானது. பத்து இருபது வினாடி பொறுத்தால் பெரும்பாலும் ஒருவர் பேசுவார். ரிவியூ விஷயத்தில் இளைய டெவலப்பர் முன்வருகிறார். ஆனால் ரிவியூவைச் சீக்கிரமாக்குவது அவர் ஒருவர் கையில் இல்லை. ஆகவே செயலை அவர் செய்யக்கூடிய அளவுக்குக் குறைக்கிறார்கள்: தினமும் காலைக் கூட்டத்தில், ஒரு நாளுக்கு மேல் காத்திருக்கும் ரிவியூக்களை அவர் வாசிப்பார். நடந்ததா இல்லையா என்று பார்த்ததும் சொல்லிவிடக்கூடிய வேலை அது. அடுத்த ரெட்ரோவில் எத்தனை ரிவியூ ஒரு நாளைத் தாண்டின என்று எண்ணியும் பார்த்துவிடலாம். யாரும் முன்வராத வலிகளுக்கு எதிரே "இப்போது செயல் இல்லை" என்று எழுதினால் போதும். எல்லா வலிக்கும் மருந்து எழுதியே தீர வேண்டும் என்று பத்துச் செயல்களை அடுக்கும் அணி ஒன்றையும் முடிப்பதில்லை. இரண்டு வாரத்துக்கு இரண்டு மூன்று செயல்கள் தாராளம்.

பெயர் விஷயத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. மூன்றாம் பக்கத்தில் பெயர் கட்டாயம். இரண்டாம் பக்கத்தில் பெயர் வேண்டாம். "ரிவியூ இரண்டு நாள் கிடந்தது" என்றால் அனைவரும் சரிசெய்ய முயல்வார்கள். "இன்னார் ரிவியூ செய்யவில்லை" என்றால் இன்னார் தன்னைக் காத்துக்கொள்வதில் மிச்ச நேரம் போய்விடும். ரெட்ரோ பற்றி 2001இல் நூல் எழுதிய நார்மன் கெர்த், அவரவர் அன்றைக்குத் தெரிந்ததையும் கையில் இருந்ததையும் வைத்துத் தங்களால் முடிந்ததைச் செய்தார்கள் என்ற நம்பிக்கையோடுதான் கூட்டத்தைத் தொடங்க வேண்டும் என்று வைத்தார். குறிப்பு மேலாளர் கைக்கும் போகும் அலுவலகங்களில் இதற்கு இன்னும் கூடுதல் மதிப்பு. நன்றி சொல்லும் முதல் பக்கத்தில் பெயர் தாராளமாக வரலாம், உரியவர் கூச்சப்படாத வரை.

இத்தனைக்கும் பிறகு நம் அணியின் குறிப்பு ஒரு திரைக்குள் அடங்கிவிடுகிறது.

நன்றாகப் போனது: ஏபிஐ விவரங்களை முதல் நாளே எழுதிவைத்ததால் ரீஃபண்ட் ஸ்கிரீன் முன்கூட்டியே முடிந்தது. சனி இரவு வந்த பிழை அன்றிரவே சரியானது. மூத்த டெவலப்பருக்கு நன்றி.

வலித்தது: ஸ்டேஜிங் இரண்டாவது புதன் நின்று சோதனைக்கான ஒன்றரை நாள் போனது, அப்போது தனியாக விடப்பட்டதாக டெஸ்டருக்குத் தோன்றியது. ரிவியூக்கள் இரண்டு நாள் வரை காத்திருந்தன. பகுதி ரத்துக் கட்டணம் பாதியில்தான் தெளிவானது. மூன்றும் சேர்ந்து சோதனை நேரத்தைக் குறைத்ததாக அணி கருதுகிறது. விடுமுறையில் பிழை வந்தால் பார்க்க ஒருவரே இருக்கிறார். இதற்கு இப்போது செயல் இல்லை.

ஒப்புக்கொண்ட செயல்கள்: ஸ்டேஜிங் ஏன் நின்றது, மறுபடி நிற்காமல் இருக்க என்ன வழி என்று இன்ஃப்ரா டீமிடம் கேட்டு வருவது, ஸ்கிரம் மாஸ்டர், வெள்ளிக்குள். ஒரு நாளைத் தாண்டிய ரிவியூக்களைத் தினமும் காலையில் வாசிப்பது. இளைய டெவலப்பர், அடுத்த ஸ்பிரிண்ட் முழுவதும். கட்டண விதி உள்ள ஸ்டோரிகளில் உதாரணக் கணக்கு ஒன்று இல்லாமல் ஸ்பிரிண்டுக்குள் எடுக்காதிருப்பது. ப்ராடக்ட் ஓனர், நாளைய திட்டமிடல் கூட்டத்திலிருந்து.

நிஜக் குறிப்பில் பதவிக்குப் பதில் பெயர் இருக்கும். அன்றே அனுப்பி, "உங்கள் பேச்சு தவறாகப் பதிவாகியிருந்தால் நாளை மதியத்துக்குள் சொல்லுங்கள்" என்று ஒரு வரி சேர்ப்பது நல்லது. செயல்கள் குறிப்போடு நின்றுவிடாமல், அணி தினமும் பார்க்கும் வேலைப் பலகையில் மற்ற வேலைகளோடு வேலையாக ஏற வேண்டும். ஸ்கிரம் வழிகாட்டியின் 2017 பதிப்பு, முந்தைய ரெட்ரோவில் கண்ட மேம்பாடுகளில் ஒன்றாவது அடுத்த ஸ்பிரிண்டின் வேலைப்பட்டியலில் இருந்தாக வேண்டும் என்றது. 2020 பதிப்பு அந்தக் கட்டாயத்தைத் தளர்த்தி, சேர்த்துக்கொள்ளலாம் என்ற அளவில் நிறுத்திக்கொண்டது. நான் பழைய பதிப்பின் பக்கம். பலகையில் ஏறாத செயல், அடுத்த ரெட்ரோவுக்கு முந்தின நாள்தான் நினைவுக்கு வருகிறது.

அடுத்த ரெட்ரோவின் முதல் ஐந்து நிமிடம் பழைய செயல்களுக்கு. ஒவ்வொன்றும் முடிந்தது, முடியவில்லை, இனித் தேவையில்லை என்ற மூன்றில் ஒன்றாக நிற்க வேண்டும். "நடந்துகொண்டிருக்கிறது" என்ற பதிலை ஏற்றால் அது ஆறு மாதம் நடந்துகொண்டே இருக்கும். நம் அணியில் ஸ்கிரம் மாஸ்டர் கேட்டு வந்திருக்கிறார்: புதன்தோறும் இன்னோர் அணி அதே ஸ்டேஜிங்கில் தன் புதிய நிரலை ஏற்றுகிறது. இனி ஏற்றும் முன் தகவல் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ரிவியூ வாசிப்பு முதல் வாரம் நடந்து, இரண்டாவது வாரம் நின்றுவிட்டது. இளைய டெவலப்பர் அதை "முடியவில்லை" என்றே சொல்கிறார், இன்னொரு ஸ்பிரிண்ட் தொடரவும் கேட்கிறார். "இப்போது செயல் இல்லை" என்று விட்ட விடுமுறை விஷயம் இந்த முறையும் பேச்சில் வருகிறது. ஸ்கிரம் மாஸ்டர் அதே கேள்வியைக் கேட்டுக் காத்திருக்க, ஆப் பக்கத்து டெவலப்பர்களில் ஒருவர் சொல்கிறார்: "வாரக் கடைசிக்கு முறை போட்டு ஒரு லிஸ்ட் நான் எழுதறேன். முதல் வாரம் என் பேரையே போட்டுக்கறேன், ஆனா சர்வர் லாக் எங்க பார்க்கறதுன்னு அக்கா ஒரு தடவை காட்டணும்." அக்கா வியாழக்கிழமை காட்டுவதாகச் சொல்ல, மூன்றாம் பக்கத்தில் இரண்டு வரிகள் ஏறுகின்றன.